கேமராவுக்கு நாலு, கணினிக்கு ஆறு

பழைய மினி டீவீ கேம்கார்டரோடு வந்த ஃபயர்வயர் கேபிளைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது, அதன் இரண்டு முனைகளும் ஒன்றுபோல இல்லை என்பதுதான். ஒரு முனையில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு பருத்த பிளக். அதன் ஒரு பக்கம் மட்டும் கூம்பியிருக்கும். மறுமுனை சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பெரியதற்குள் ஆறு பின்கள், சிறியதற்குள் நாலு. பெரியது கணினிக்கு, சிறியது கேமராவுக்கு.

அப்படியானால் வழியில் காணாமல் போன இரண்டு பின்கள் எதற்கானவை? மின்சாரத்துக்கானவை. ஆறில் இரண்டு மின்சாரம் கொண்டுபோகும், மீதி நாலில் படமும் ஒலியும் கட்டளைகளும் போகும். கேமரா முனையில் மின்சாரத்துக்கான இரண்டையும் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். "கேமராவில்தான் பேட்டரி இருக்கிறதே, அதற்கு எதற்குக் கேபிள் வழியாக மின்சாரம்?" என்று உடனே பதில் சொல்லிவிடலாம். அது சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். பெரிய பிளக்கில் மின்சாரத்தை முதலில் எதற்காக வைத்தார்கள் என்று தெரிந்தால்தான் சிறியதில் ஏன் எடுத்தார்கள் என்பதும் முழுதாகப் புரியும்.

ஃபயர்வயர் வேலையை ஆப்பிள் நிறுவனம் தொடங்கியது 1986இல். சோனியும் வேறு சில நிறுவனங்களும் சேர்ந்துகொள்ள, 1995இல் அது ஐ.இ.இ.இ. 1394 என்ற பொதுத் தரநிலையாக வெளிவந்தது. அதே ஆண்டு சோனி தன் டி.சி.ஆர்-வி.எக்ஸ்.1000 கேமராவைக் கொண்டுவந்தது. வீட்டுப் படங்களிலிருந்து ஆவணப்படங்கள் வரை பலர் கையில் புழங்கிய கேமரா அது. அதன் உடம்பில் இருந்தது நாலு பின் சாக்கெட். 1995 தரநிலையில் இருந்ததோ ஆறு பின் பிளக் மட்டும்தான். நாலு பின்னைத் தரநிலைக்குள் முறையாகச் சேர்த்துக்கொண்டது 2000இல் வந்த திருத்தம். அதற்குள் சோனி அதற்கு ஐ.லிங்க் என்று தன் சொந்தப் பெயரை வைத்து, கேமராக்களிலும் மடிக்கணினிகளிலும் பரப்பிவிட்டது. தரநிலை சந்தைக்குப் பின்னால் ஓடிவந்து சேர்ந்த கதைகளில் இதுவும் ஒன்று.

முதலில் நாலு கம்பிகளைப் பார்ப்போம். அவை இரண்டு இணைகள். ஒவ்வோர் இணையிலும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடும். ஓர் இணையில் தரவு போகும்போது, அந்தத் தரவை எந்தக் கணத்தில் படிக்க வேண்டும் என்று தாளம் தட்டும் சமிக்ஞை மற்ற இணையில் போகும். எதிர்ப்பக்கம் பேசத் தொடங்கினால் இரண்டு இணைகளும் வேலையை மாற்றிக்கொள்ளும். இதற்காகவே கேபிளுக்குள் இணைகள் குறுக்காக மாற்றிப் பின்னப்பட்டிருக்கும். மறுமுனையில் ஏதாவது சாதனம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் இதே கம்பிகள்தான்: ஒவ்வொரு சாதனமும் தன் ஓர் இணையில் 2 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவான ஒரு சிறு மின்னழுத்தத்தை வைத்துக்கொண்டிருக்கும். மறுபக்கம் அதை உணர்ந்தால் "ஆள் இருக்கிறது" என்று பொருள். இந்த 2 வோல்ட் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கேமராவின் சாக்கெட் எப்படிச் சாகிறது என்று பார்க்கும்போது இது வேண்டியிருக்கும்.

ஆகப் பேசுவதற்கும் கேட்பதற்கும் நாலு கம்பிகளே போதும். ஆறு பின்னில் போகும் படம் நாலு பின்னில் போகும் படத்தைவிட எந்த விதத்திலும் உசத்தியில்லை. வேகமும் ஒன்றுதான். அந்தக் காலத்தில் "ஆறு பின் கேபிள்னா படம் தெளிவா இருக்கும்" என்று விற்றவர்கள் உண்டு. அதில் உண்மை கிடையாது.

இப்போது மீதி இரண்டு. ஒன்று மின்சாரம் வரும் கம்பி, மற்றது திரும்பிப் போகும் கம்பி. 8 முதல் 30 வோல்ட் வரை எந்த மின்னழுத்தமும் அதில் வரலாம், 1.5 ஆம்பியர் வரை இழுக்கலாம் என்று தரநிலை இடம் கொடுத்திருந்தது. உச்சத்தில் பார்த்தால் 45 வாட். அன்றைய யு.எஸ்.பி. சாக்கெட் கொடுத்தது 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். இவ்வளவு தாராளம் எதற்கு? வெளி ஹார்டு டிஸ்க்கைத் தனி அடாப்டர் இல்லாமல் ஓட்டலாம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவ்வளவாக யாரும் பேசாதது. எனக்கு அதுதான் சுவையானது.

ஃபயர்வயரில் எல்லாச் சாதனங்களும் கணினியில் தனித்தனியாகச் செருகப்பட வேண்டியதில்லை. கணினியிலிருந்து ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு கேபிள், ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஸ்கேனருக்கு ஒன்று, ஸ்கேனரிலிருந்து கேமராவுக்கு ஒன்று என்று கோத்துக்கொண்டே போகலாம். ஒரு தொகுப்பில் 63 சாதனங்கள் வரை இடமுண்டு. இந்தக் கோவையில் நடுவில் இருக்கும் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கேட்டதை மறுபக்கம் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்த அஞ்சல் வேலையைச் செய்ய ஒவ்வொரு சாதனத்துக்குள்ளும் ஒரு சின்னச் சில்லு இருக்கும். ஸ்கேனரை யாரோ அணைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். சில்லும் சேர்ந்து அணைந்தால் அதற்கு அப்பால் இருக்கும் கேமரா கணினியின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கேபிள் வழியே வரும் மின்சாரம் காப்பாற்றுவது இங்கேதான். ஸ்கேனரின் பெரிய வேலைகள் எல்லாம் தூங்கினாலும், கேபிளில் வரும் மின்சாரத்தை வைத்து அந்தச் சில்லு மட்டும் விழித்திருந்து செய்தியைக் கடத்திவிடும். ஆக, ஆறு பின்னின் மின்சாரம் சாதனத்தை ஓட்டுவதற்கு மட்டுமல்ல, சங்கிலி அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதற்கும்தான்.

இந்தச் சங்கிலியில் கேம்கார்டரின் இடம் எது? எப்போதும் கடைசி இடம். அதில் ஒரே ஒரு ஃபயர்வயர் சாக்கெட்தான் உண்டு. அதற்கப்பால் யாருக்கும் எதையும் கடத்த வேண்டியதில்லை. அணைத்துவிட்டால் அதன் படம் மட்டும் வராது, வேறு யாருக்கும் நட்டமில்லை. எனவே அணைந்த நிலையிலும் சில்லை விழித்திருக்க வைக்கும் தேவை கேமராவுக்கு இல்லவே இல்லை. ஃபயர்வயரில் ஒவ்வொரு சாதனமும் இணைந்தவுடன் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள ஒரு சிறு தகவலை அனுப்பும். அதில் மின்சாரத்துக்கென்றே மூன்று பிட்டுகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மூன்றும் பூச்சியம் என்றால் "எனக்கு மின்சாரம் வேண்டாம், பிறருக்கு நான் கடத்துவதுமில்லை" என்று அர்த்தம். அந்த வகையை நாலு பின் சாதனங்களுக்காகவே எழுதி வைத்ததுபோல இருக்கும்.

மின்சாரத்தை வாங்கிக்கொண்டால்தான் என்ன, இலவசம்தானே என்று கேட்கலாம். வாங்குவதும் அவ்வளவு எளிதில்லை. சோனியின் அன்றைய கேமரா பேட்டரி பெரும்பாலும் 7.2 வோல்ட், அடாப்டர் 8.4 வோல்ட். கேபிளில் வருவது 8ஆக இருக்கலாம், 12ஆக இருக்கலாம், 30ஆகவும் இருக்கலாம். அத்தனையையும் தாங்கித் தனக்கு ஏற்றபடி மாற்றும் சுற்று ஒன்றைக் கைக்கடக்கமான கேமராவுக்குள் திணிக்க வேண்டும். அப்படித் திணித்தாலும் எதிர்ப்பக்கம் மின்சாரம் கொடுக்கும் என்று உறுதியில்லை. பல மடிக்கணினிகளிலும் நாலு பின் சாக்கெட்தான் இருந்தது. இன்னொரு கேமராவோடு இணைத்து கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் படி எடுப்பவர்களும் இருந்தார்கள். அப்போது இரண்டு முனையிலும் நாலு பின். பேட்டரியில் ஓடும் இரண்டு கேமராக்களில் எது எதற்கு மின்சாரம் கொடுப்பது? எப்படியும் அடாப்டர் ஒன்றைப் பெட்டியில் வைத்துத்தான் விற்க வேண்டும். அப்படியிருக்க இரண்டு பின்களைக் கழித்துவிட்டு சாக்கெட்டைச் சிறிதாக்கியது நல்ல முடிவு என்றுதான் சொல்வேன்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஆப்பிளின் ஐபாட். 2001இல் வந்த முதல் ஐபாடில் இருந்தது ஆறு பின் சாக்கெட். பாட்டு ஏறும்போதே பேட்டரியும் ஏறும், கேபிள் ஒன்றே போதும். அடுத்த ஆண்டு விண்டோஸ்காரர்களுக்கும் ஐபாடைக் கொடுத்தபோது, ஆறு பின்னை நாலு பின்னாக்கும் சின்ன அடாப்டர் ஒன்றையும் கூடவே கொடுத்தார்கள். அதை மாட்டி மடிக்கணினியின் நாலு பின் சாக்கெட்டில் செருகினால் பாட்டு ஏறியது, சார்ஜ் ஏறவில்லை. அடாப்டரில் குறை ஒன்றுமில்லை. மடிக்கணினிப் பக்கம் மின்சாரமே இல்லாதபோது அடாப்டர் என்ன செய்யும்?

ஆறு பின் என்றாலே மின்சாரம் உறுதி என்றும் எண்ணிவிடக் கூடாது. மேசைக் கணினிக்குள் செருகும் ஃபயர்வயர் அட்டைகள் பலவற்றில், ஹார்டு டிஸ்க்குக்குப் போவதைப் போன்ற ஒரு மின்கம்பியைச் செருக இடம் இருக்கும். கணினியின் பவர் சப்ளையிலிருந்து 12 வோல்ட்டை அங்கே கொண்டுவந்து செருகினால்தான் வெளியே இருக்கும் ஆறு பின் சாக்கெட்டில் மின்சாரம் வரும். அதைச் செருக மறந்துபோன கணினிகள் ஏராளம். மடிக்கணினியின் பக்கவாட்டில் செருகும் அட்டைகள் சிலவற்றிலும் அப்படித்தான்: பார்க்க ஆறு பின், தனி அடாப்டர் மாட்டாவிட்டால் உள்ளே மின்சாரம் சுழி. கேமராவை மட்டும் இணைக்கிறவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் கேமரா அந்த இரண்டு பின்களையும் தொடுவதே இல்லை.

இப்போது ஒரு கேசட்டை எடுத்துக்கொள்வோம். 60 நிமிட மினி டீவீ கேசட், உள்ளே ஒரு கல்யாணம். நம் ஊரில் எடுத்தது என்பதால் பால் முறை: நொடிக்கு 25 சட்டங்கள், ஒவ்வொரு சட்டமும் 1,44,000 பைட். பெருக்கினால் நொடிக்கு 36 லட்சம் பைட், ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 13 ஜிகாபைட். ஃபயர்வயர் 400 கேபிளின் வேகத்தில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும். கேமரா அதைப் பார்க்கும் வேகத்தில்தான் ஓட்டும். அதற்கு மேல் அவசரப்படுத்த வழியில்லை.

அந்த ஒரு மணி நேரமும் கேமராவுக்குள் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருக்கும். நாடாவைப் படிக்கும் தலைகளைத் தாங்கிய உருளை நிமிடத்துக்கு 9,000 முறை சுற்றும். இதற்கான மின்சாரம் முழுவதும் கேமராவின் சொந்தச் செலவு. பதினைந்து இருபது ஆண்டு பழைய பேட்டரி முழு சார்ஜ் என்று காட்டிவிட்டு, தாலி கட்டும் நேரத்தில் சட்டென்று இறங்கிவிடும். கேபிள் மறுமுனையில் கணினியில்தானே இருக்கிறது, அதிலிருந்து கொஞ்சம் வராதா என்றால் வராது. மோட்டாரால் உள்ளே இழுக்கப்பட்ட நாடா மோட்டாரால்தான் வெளியே வர வேண்டும் என்பதால், மின்சாரம் திரும்பும்வரை கேசட்டும் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். ஆகவே முதல் வேலை அடாப்டரை மாட்டுவது. அடாப்டர் தொலைந்திருந்தால், அதே மின்னழுத்தமும் அதே முனையும் உள்ள ஒன்றைத் தேடிப் பிடித்த பிறகே மற்றது.

அதன் பிறகு இரண்டையும் அணைத்த நிலையில் கேபிளைச் செருக வேண்டும். ஃபயர்வயரை ஓடும்போதே செருகலாம், கழற்றலாம் என்றுதான் விளம்பரம் சொன்னது. தரநிலையும் அதை அனுமதிக்கிறது. ஆனால் ஓடும்போது செருகிச் சாக்கெட்டை இழந்தவர்கள் உண்டு. முதலில் கணினிப் பக்கம் ஆறு பின், பிறகு கேமராப் பக்கம் நாலு பின், அதன் பின் கணினியை இயக்கி, கடைசியாகக் கேமராவை, அதுவும் படம் எடுக்கும் நிலையில் வைக்காமல், கேசட்டை ஓட்டிப் பார்க்கும் நிலையில் வைத்து இயக்க வேண்டும். பல கேமராக்களின் திரையில் அப்போது DV IN என்று வரும். வந்தால் அந்த 2 வோல்ட் சமிக்ஞையைக் கேமரா உணர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். வராவிட்டால் முதல் சந்தேகம் கேபிள்மீது, அடுத்தது நாலு பின் சாக்கெட்மீது. அந்தச் சாக்கெட் நோஞ்சான். கேபிளின் எடையிலேயே தொங்கித் தொங்கி, உள்ளே பற்றவைத்த இடம் விட்டுப்போகும். கேபிளை லேசாகத் தூக்கிப் பிடித்தால் இணைப்பு வந்து, கையை எடுத்ததும் போனால் கோளாறு அங்கேதான். கேபிளை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை.

ஆறு பின் முனையின் ஆபத்து வேறு மாதிரி. ஒரு பக்கம் கூம்பியிருப்பதே தலைகீழாகச் செருகாமல் இருப்பதற்குத்தான். ஆனால் கணினியின் பின்பக்கம் இருட்டில் கையை விட்டுத் துழாவிச் செருகுகிறவர்கள், பழகித் தளர்ந்த மலிவு சாக்கெட்டுக்குள் அதைத் தலைகீழாகவும் அழுத்திவிடுவார்கள். ஆறு பின்களும் இரண்டு வரிசையாக இருக்கின்றன. ஒரு கோடியில் மின்சாரத்தின் இணை, மறு கோடியில் தரவின் ஓர் இணை. தலைகீழானால் இவை இரண்டும் இடம் மாறும். 2 வோல்ட் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் தரவுக் கம்பியில் 12 வோல்ட் பாயும். அந்தக் கம்பியோ நேராகக் கேமராவுக்குள் போகிறது. மின்சாரமே வாங்காத நாலு பின் கேமரா இப்படித்தான் மின்சாரத்தால் சாகிறது. பிறகு கேமரா ஓடும், படம் எடுக்கும், தன் திரையில் காட்டவும் செய்யும். ஃபயர்வயர் மட்டும் பேசாது. பழுது பார்க்கிறவர் சர்க்யூட் போர்டையே மாற்ற வேண்டும் என்பார். இன்று அந்த போர்டு கிடைப்பது அரிது. வேறு கேமராவில் கேசட்டைப் போட்டு எடுப்பதே சுலபம்.

இன்னொரு கண்ணி யு.எஸ்.பி. ஒரு முனை யு.எஸ்.பி., மறுமுனை நாலு பின் ஃபயர்வயர் என்று சில நூறு ரூபாய்க்கு ஒரு கேபிள் இணையக் கடைகளில் கிடைக்கிறது. யு.எஸ்.பி. 2இல் நாலு கம்பி, இங்கேயும் நாலு கம்பி, பொருந்திவிடும் என்று தோன்றும். பொருந்தாது. யு.எஸ்.பி.யின் நாலில் இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. நாலு பின் ஃபயர்வயரில் நாலுமே தரவுக்கு. வெறும் கம்பியால் இரண்டையும் சேர்த்தால் யு.எஸ்.பி.யின் 5 வோல்ட் போய் நிற்கும் இடம் கேமராவின் ஒரு தரவுப் பின். இரண்டு மொழிகளுக்கும் நடுவில் பெயர்த்துச் சொல்லும் சில்லும் அந்தக் கேபிளில் கிடையாது. எனவே அது வேலை செய்யப்போவதில்லை, கெடுக்க மட்டுமே கூடும். வாங்கியிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். பல கேமராக்களில் ஃபயர்வயருக்குப் பக்கத்திலேயே ஒரு மினி யு.எஸ்.பி. சாக்கெட்டும் இருக்கும். பெரும்பாலும் அது நினைவட்டையிலுள்ள புகைப்படங்களை எடுப்பதற்கானது. கேசட்டிலுள்ள முழுத்தரப் படத்தை அதன் வழியே எதிர்பார்க்காதீர்கள்.

இன்று இந்த வேலையைச் செய்ய மலிவான வழி, பழைய மேசைக் கணினியில் ஒரு ஃபயர்வயர் அட்டையைச் செருகுவதுதான். லினக்ஸ் போட்டால் `dvgrab` என்ற கட்டளையே கேசட்டை ஓட்டி, படத்தைக் கோப்பாக இறக்கிவிடும். ஆப்பிள்காரர்களுக்கு வழி கொஞ்சம் நீளம். தண்டர்போல்ட் 3 சாக்கெட்டிலிருந்து தண்டர்போல்ட் 2க்கு ஒரு அடாப்டர், அதிலிருந்து ஃபயர்வயர் 800க்கு இன்னொன்று, அங்கிருந்து கேமராவுக்கு ஒன்பது பின்–நாலு பின் கேபிள். ஃபயர்வயர் 800இன் ஒன்பது பின் பிளக்கிலும் மின்சாரம் உண்டு. நாலு பின் முனைக்கு வரும்போது அதுவும் நின்றுவிடும். இந்த மூன்றடுக்கு ஏற்பாடு பல ஆண்டுகள் ஓடியது. 2025இல் வந்த மேக் ஓ.எஸ். டஹோவில் ஆப்பிள் தன் சொந்தக் கண்டுபிடிப்புக்கான ஆதரவையே எடுத்துவிட்டதால், அதற்கு முந்தைய பதிப்பு ஓடும் மேக் ஒன்றைக் கேசட்டுகள் தீரும்வரை புதுப்பிக்காமல் வைத்திருப்பது நல்லது.